பில்லர் அடியில் தெரிந்த ஜல்லி

கேள்வி: சைட் இன்ஜினியரா வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் உங்களுக்கு எப்படிப் போச்சு?

சுத்தியலும் கையுமாகப் போனது.

அடுக்குமாடிக் கட்டடம், தரைத்தளம். முந்தின நாள் சாயங்காலம் கான்கிரீட் போட்ட பில்லரின் பலகையை அன்று காலையில்தான் பிரித்திருந்தார்கள். முன்பக்கம் வழவழவென்று இருந்தது. பின்பக்கம் போய்ப் பார்த்தால், அடி மூலையில் ஒரு முழ உயரத்துக்கு வெறும் ஜல்லி, நடுநடுவே பொந்து. பக்கத்திலேயே ஒரு பாண்டில் சிமெண்ட் கலவை தயாராக இருந்தது.

"லேசா தேன்கூடு விழுந்திருக்கு மேடம், பூசிட்டா தெரியாது" என்றார் மேஸ்திரி.

"பூசுறதுக்கு முன்னாடி ஒரு தடவை தட்டிப் பார்த்துடலாமே அண்ணே."

நல்ல இடத்தில் தட்டினால் 'ணங்' என்றது. மூலையில் 'டொக்' என்றது. உளியால் மெல்ல நெம்பியதும் ஜல்லி தானாக உதிர்ந்தது, கம்பி தெரிந்தது. கம்பிக்குப் பின்னாலும் விரல் போனது. எனக்கு வயிற்றைக் கலக்கியது அப்போதுதான். பொந்து கம்பிக்கு வெளியே இருக்கும் 40 மி.மீ. கவருக்குள் நின்றிருந்தால் பாலிமர் கலந்த சாந்தால் அடைத்துவிடலாம். உள்ளே போய்விட்டால் அந்த இடத்தில் பாரம் தாங்கக் கான்கிரீட்டே இல்லை என்று அர்த்தம்.

காரணம் தரையிலேயே கிடந்தது. அதே மூலைக்கு நேர்கீழே சிமெண்ட் பால் வழிந்து அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது. பலகையின் அடி இடுக்கை யாரும் அடைக்கவில்லை. போதாக்குறைக்கு, பழைய கம்பியும் புதுக் கம்பியும் சேர்ந்து நெருக்கமாக நிற்கும் இடம் அது. 3 மீட்டர் உயரத்திலிருந்து கலவையை அப்படியே கொட்டியிருக்கிறார்கள் (1.5 மீட்டருக்கு மேல் கூடாது என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 தரும் வழிகாட்டுதல்). கலவையை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் ஊசியும் அடிவரை இறங்கவில்லையாம்.

போட்டோ எடுத்து சீனியருக்கு அனுப்பினேன். திட்டுவார் என்று நினைத்தேன். வந்தவர் மேஸ்திரியைத்தான் பார்த்தார், பாண்டை ஓரமாக வைக்கச் சொன்னார். மேலே அடுத்த வேலை நின்றது.

உதிர்வதையெல்லாம் கை உளியாலேயே கொத்தினோம். புதுக் கான்கிரீட் என்பதால் மெஷின் வேண்டாம் என்றார் சீனியர். 'ணங்' சத்தம் வரும்வரை கொத்தியபோது ஆழம் 7 செ.மீ. இருந்தது. நடுவரை போயிருந்தால் பில்லரையே இடித்திருப்போம், டிசைனரும் அதையேதான் சொன்னார்.

அப்புறம் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, ஈரமாக வைத்து, மறுபடி பலகை அடித்தோம். பலகையின் மேல்பக்கம் தபால்பெட்டி வாய் மாதிரி ஒரு திறப்பு. சுருங்காத மைக்ரோ கான்கிரீட்டை அதன் வழியாக ஒரே பக்கத்திலிருந்து விட்டோம். இரண்டு பக்கமும் ஊற்றினால் காற்று நடுவில் மாட்டிக்கொள்ளும்.

மறுநாள் அடுத்த பில்லருக்குப் பலகை அடித்தபோது, நான் சொல்வதற்கு முன்பே மேஸ்திரி அடி இடுக்கில் ஃபோம் திணித்துக்கொண்டிருந்தார்.