ஒரு மூட்டை மிளகாய்த் தூள் எங்கே போனது?

கேள்வி: ஊட்லண்ட்ஸில் சிறிய அளவில் சாம்பார்ப் பொடி தயாரித்துக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் தருகிறேன். மிளகாய்த் தூள் தரும் இறக்குமதியாளர், ஒரு லாட்டில் சால்மோனெல்லா இருப்பதாகச் சொல்கிறார். என் இன்வாய்ஸில் பாட்ச் எண்ணே இல்லை. யார் யாரிடம் போனது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் கையிருப்பைத் தனியே பூட்டி வையுங்கள். அனுப்புவதை நிறுத்திவிட்டு, சிங்கப்பூர் உணவு அமைப்புக்குத் தெரிவியுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அடுத்து எடையைக் கணக்குப் பாருங்கள். அந்த லாட்டில் 25 கிலோ மூட்டை எட்டு, மொத்தம் 200 கிலோ வந்தது என்று வைத்துக்கொள்வோம். கலவைத் தாளில் ஐந்து பாட்ச்சுக்கு 30 கிலோ வீதம் 150 கிலோ எழுதியிருக்கிறது. பிரிக்காத மூட்டை ஒன்று கிடக்கிறது. மீதி 25 கிலோ எங்கே? சிந்தியது என்றால் ஓரிரு கிலோ போகலாம், ஒரு மூட்டை போகாது. பெரும்பாலும் அவசரத்தில் மீன் மசாலாவுக்கு எடுத்துவிட்டு யாரோ எழுதாமல் விட்டிருப்பார்கள். கலப்பவரிடமே கேளுங்கள், திட்டாமல் கேளுங்கள். இந்தக் கணக்கு முடியாமல் ஐந்து பாட்ச்சை மட்டும் திரும்பப் பெற்றால் ஆறாவது பாட்ச் கடைகளிலேயே இருக்கும்.

தூளைக் கொட்டி வைக்கும் டிரம்மையும் பாருங்கள். அடியில் பழையது கிடக்க, மேலே புது லாட்டைக் கொட்டுவது எல்லாரும் செய்வதுதான். அப்படியென்றால் கெட்ட லாட்டின் முதல் மூட்டையைப் பிரித்த நாளிலிருந்து, டிரம்மைக் காலிசெய்து சுத்தம் செய்த நாள்வரை அதிலிருந்து எடுத்த எல்லா பாட்ச்சும் சந்தேகம்தான். ஒரு பாக்கெட்டைச் சோதித்து ‘இல்லை’ என்று வந்தாலும் விடுவிக்காதீர்கள். கிருமி தூளில் சீராகப் பரவியிருக்காது.

இன்வாய்ஸில் பாட்ச் எண் இல்லையா, தேதியைப் பிடியுங்கள். சந்தேகப் பாக்கெட் முதன்முதலாக வெளியே போன நாளிலிருந்து கடைசியாகப் போன நாள்வரை, அந்தப் பொருளின் எல்லா டெலிவரியும் பட்டியலில் வரும். நல்ல சரக்கும் சேர்ந்து திரும்பும், நஷ்டம்தான். ஆனால் எண் எழுதாததற்கு வேறு வழியில்லை. தயாரித்த பாக்கெட்டுகளில் கையிருப்பைக் கழித்தால் வருவது, இன்வாய்ஸ்களில் உள்ள பாக்கெட்டுகளின் மொத்த எண்ணிக்கையோடு ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் சாம்பிளாகக் கொடுத்தவை, ஒரு கடையிலிருந்து திரும்பி இன்னொரு கடைக்குப் போனவை எல்லாவற்றையும் தேடுங்கள். உணவகங்களில் பாக்கெட்டை எறிந்துவிட்டுப் பொடியை டப்பாவில் கொட்டிவிடுவார்கள். அவர்களிடம் பாட்ச் எண் கேட்பது வீண், டப்பாவோடு திரும்பப் பெறுங்கள்.

பின்னோக்கிப் போய் இறக்குமதியாளரிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: அந்த லாட் எண் அரவை ஆலை போட்டதா, இறக்குமதியாளர் போட்டதா? அவர் மூட்டை மாற்றிக் கட்டியிருந்தால், ஆலையின் அதே லாட் வேறு எண்ணில் உங்களிடமே இன்னொரு முறை வந்திருக்கலாம். ஆலையின் எண்ணையும், அதிலிருந்து உங்களுக்கு வந்த எல்லா டெலிவரி விவரத்தையும் எழுத்தில் வாங்குங்கள். வேறு எண் ஒன்று அதில் இருந்தால், எடைக் கணக்கை அதற்கும் முதலிலிருந்து போட வேண்டியதுதான்.