வாடகையா, சொந்த வீடா: ஒரு 20 வருடக் கணக்கு

வணக்கம் சார். மேடவாக்கத்தில் 20,000 ரூபாய் வாடகையில் இருக்கிறோம். பக்கத்துத் தெருவில் கட்டி முடித்த புது பிளாட், 1,000 சதுர அடி, 80 லட்சம் சொல்கிறார்கள். நிலத்தில் எங்கள் பாகம் 400 சதுர அடி. அங்கே மனை சதுர அடி 6,500 போகிறது. வங்கியில் 64 லட்சம் கிடைக்கும், 8.5 சதவீதம், 20 வருடம், மாதம் 55,540. கையில் 26 லட்சம் இருக்கிறது. ‘வாடகை ஆத்துல போடுற காசு’ என்கிறார் அப்பா. ‘இப்ப எதுக்கு கடன்’ என்கிறாள் மனைவி. நீங்கள் என்ன சொல்வீர்கள்?
எஸ்., சென்னை

அன்புள்ள எஸ்,

ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் எவ்வளவு ஆற்றோடு போகிறது என்று அளந்துவிடுவோம்.

முதல் மாத இஎம்ஐயைப் பாருங்கள். 55,540 ரூபாயில் 45,333 வட்டி. அசலில் கழிவது பத்தாயிரத்துச் சொச்சம்தான். திரும்பி வராத காசு என்று பார்த்தால், நீங்கள் வீட்டுக்காரருக்குக் கொடுப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வங்கிக்குக் கொடுப்பீர்கள். வட்டியும் அசலும் பாதிப் பாதியாக வருவதற்கே கிட்டத்தட்ட பன்னிரண்டு வருடம் ஆகும். 20 வருடத்தில் மொத்தம் கட்டுவது 1.33 கோடி, அதில் வட்டி மட்டும் 69 லட்சம். அப்பாவிடம் இந்த ஒரு எண்ணை மட்டும் சொல்லிப் பாருங்கள்.

வாடகைப் பக்கமும் இனிக்காது. 20,000 ரூபாய் வருடத்துக்கு 5 சதவீதம் ஏறினால், 20 வருடத்தில் நீங்கள் கொடுத்திருப்பது 79 லட்சம். கடைசி வருடம் வாடகை ஐம்பதாயிரத்தைத் தாண்டியிருக்கும். நடுவில் நான்கைந்து முறை வீடு மாறி, ஒவ்வொரு முறையும் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, வண்டிக்கூலி, ஏசியைக் கழற்றி மாட்டுவது என்று 3 லட்சம் வைத்துக்கொள்வோம். ஆக 82 லட்சம். இதில் ஒரு பைசா திரும்பாது.

1.33 கோடிக்கு வீடு, 82 லட்சத்துக்கு ஒன்றுமில்லை. அப்பா சொன்னது சரிதானே என்று தோன்றும். பெரும்பாலானவர்கள் கணக்கை இங்கேயே மூடிவிடுவார்கள். ஆனால் உங்கள் கையில் இருக்கும் 26 லட்சம் இதில் வரவே இல்லை. வாங்கினால் அது முதல் நாளே காலி: முன்பணம் 16 லட்சம், பத்திரச் செலவு 5.6 லட்சம், மிச்சம் அலமாரி, சமையலறை மரவேலை, வங்கிக் கட்டணங்கள். (50 லட்சத்துக்கு மேல் 3 கோடிவரை உள்ள புது பிளாட்டுக்கு இங்கே முத்திரைத்தாள் 5, பதிவு 2, ஆக 7 சதவீதம் என்று வைத்திருக்கிறேன். பழைய பிளாட் என்றால் 9.) வாங்காவிட்டால் அந்த 26 லட்சம் குட்டி போடும். மாதாமாதம் இஎம்ஐக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசமும் அதோடு சேரும். முதல் வருடத்தில் அது மாதம் 35,540. சொத்துவரி, பெயின்ட், ரிப்பேர் என்று சொந்தக்காரர் மட்டும் செய்யும் செலவையும் சேர்த்தால் 38,000. மாத மெயின்டனன்ஸை இரண்டு கணக்கிலும் விட்டுவிட்டேன், சென்னையில் அதைப் பெரும்பாலும் குடியிருப்பவர்தான் கட்டுகிறார். வாடகை ஏற ஏற இந்த வித்தியாசம் சுருங்கும், ஆனாலும் 20 வருடமும் இருந்துகொண்டே இருக்கும்.

இந்தப் பணம் வரி போக வருடத்துக்கு 8 சதவீதம் வளர்ந்தால், முடிவில் உங்களிடம் சுமார் 2.86 கோடி இருக்கும். பங்குச் சந்தையே வேண்டாம், வங்கி டெபாசிட் மாதிரி 6 சதவீதம் போதும் என்றால் சுமார் 2.12 கோடி.

அப்போது பிளாட் என்ன விலை போகும்? ‘சென்னையில் நிலம் இறங்கியதே இல்லை’ என்பார்கள். நிலம் சரி, நீங்கள் வாங்குவதில் நிலம் எவ்வளவு? யூடிஎஸ் என்று எல்லோரும் சொல்லும் அந்தப் பிரிபடாத பாகம் 400 சதுர அடி. 6,500 ரூபாய் வீதம் 26 லட்சம். 80 லட்சத்தில் மீதி 54 லட்சம் செங்கல், சிமென்ட், லிப்ட், பில்டரின் லாபம். நிலம் வருடம் 8 சதவீதம் ஏறட்டும், தாராளமாகவே வைக்கிறேன்: 1.21 கோடி. கட்டடத்தை இன்று சதுர அடி 2,500 ரூபாய்க்குத் திரும்பக் கட்டலாம் என்று வைத்து, கட்டுமானச் செலவு 5 சதவீதம் ஏறுவதாகக் கொண்டு, 20 வருடப் பழசுக்கு மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 44 லட்சம். ஆக 1.65 கோடி. 2.86 கோடியைப் பிடிக்க வேண்டுமென்றால், பிளாட்டின் முழு விலையும் 20 வருடமும் விடாமல் வருடத்துக்கு 6.6 சதவீதம் ஏற வேண்டும். நிலம் அப்படி ஏறலாம். மூன்றாவது மாடிக் குளியலறையில் ஒழுக்கு பிடித்த பழைய பிளாட் ஏறும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.

வட்டி மாறுவதையும் மறக்க வேண்டாம். வங்கிகளின் வீட்டுக்கடன் இப்போது பெரும்பாலும் ரெப்போவோடு, அதாவது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியோடு, கட்டப்பட்டிருக்கிறது. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆனது. பல வங்கிகள் இஎம்ஐயைக் கூட்டாமல் தவணைகளை நீட்டின. கடன்காரர்கள் பலர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. உங்கள் கடனுக்குத் தொடக்கத்திலேயே வட்டி ஒரு சதவீதம் ஏறி 9.5 ஆனால், அதே 55,540 ரூபாயை 20 வருடம் அல்ல, 25 வருடம் 9 மாதம் கட்ட வேண்டும். ஸ்டேட்மென்ட்டில் மீதித் தவணை எத்தனை என்ற வரியை வருடத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள். வரிச்சலுகை இதைச் சரிக்கட்டும் என்றும் நம்ப வேண்டாம். புதிய வரிமுறையில் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குக் கழிவு இல்லை. வாடகைப்படிக்கான கழிவும் இல்லை.

இப்போது அப்பா பக்கம் வருகிறேன். மேலே சொன்ன 2.86 கோடி, 20 வருடமும் அந்த வித்தியாசத்தைத் தவறாமல் எடுத்து வைப்பவருக்குத்தான். 26 லட்சத்தை மட்டும் போட்டுவிட்டு மாத வித்தியாசத்தைக் கார், சுற்றுலா, கல்யாண மொய் என்று செலவழித்தால், 8 சதவீத வளர்ச்சியிலும் கையில் நிற்பது 1.21 கோடிதான். 1.65 கோடி பிளாட் வைத்திருப்பவர் உங்களை ஜெயித்துவிடுவார். இஎம்ஐ கட்டாயச் சேமிப்பு. நம்மில் பலருக்கு அந்தக் கட்டாயம் இல்லாமல் காசு நிற்பதில்லை என்பதை அப்பா தலைமுறை நன்றாகப் பார்த்திருக்கிறது.

உங்கள் விஷயத்தில் வாடகை பக்கம் தராசு இவ்வளவு சாய்வதற்குக் காரணம், விலை வருட வாடகையைப் போல 33 மடங்கு இருப்பது. இதே பிளாட்டுக்கு வாடகை 32,000 என்றால் சேமிப்பு 1.86 கோடியாகக் குறைந்து பிளாட்டை நெருங்கிவிடும். விலை 25 மடங்குக்குக் கீழே வந்தால் வாங்குவதை யோசிக்கலாம். தனி மனையில் வீடு என்றால் கணக்கே வேறு, அங்கே நிலம் முழுக்க உங்களுடையது.

‘அமெரிக்காவிலிருந்து பையன் வருகிறான், காலி பண்ணுங்கள்’ என்று வீட்டுக்காரர் சொல்லும்போது பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்ன ஆகும் என்பதற்கு என்னிடம் எண் இல்லை. அந்த நிம்மதிக்கு ஒரு கோடி கொடுக்கலாம் என்று நீங்களும் மனைவியும் நினைத்தால் வாங்குங்கள், அதில் தவறில்லை.

அதற்கு முன்னால் ஒரு வருடம் பிளாட் வாங்கிவிட்டதாகவே வைத்துக்கொண்டு, மாதம் 5ஆம் தேதி 38,000 ரூபாய் தானாக வேறு கணக்குக்குப் போகும்படி செய்யுங்கள். பன்னிரண்டு மாதமும் தொடாமல் போனால் வாடகையிலேயே இருக்கலாம். நான்காவது மாதமே அந்தக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டி வந்தால், உங்களுக்குச் சேமிப்பும் கைவராது, 55,540 ரூபாய் இஎம்ஐயும் தாங்காது. இன்னும் சின்ன பிளாட்டாகத் தேடுங்கள்.