அறிமுகவுரையில் எழுவாய் யார்?

அன்புள்ள அண்ணனுக்கு, எங்கள் வாசகர் வட்ட ஆண்டு விழாவுக்கு நாடறிந்த ஒருவர் வருகிறார். அவரை அறிமுகப்படுத்தும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. கூட்டத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் எல்லாச் சாதி, மதத்தினரும் இருப்பார்கள். யாரும் முகம் சுளிக்காதபடி எப்படிப் பேசுவது?
– செ., திருமங்கலம்

அன்புள்ள செ.,

வருகிறவர் யார் என்று எழுதவில்லை. அதனால் நம் பக்கத்து ஆள் ஒருவரை வைத்தே சொல்கிறேன், மதுரைக்குப் பக்கத்தில் பில்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மா. அவரை அறிமுகம் செய்யச் சொன்னால் நம்மவர்கள் எடுத்த எடுப்பில் “பிரதமர் வாஜ்பாயே காலைத் தொட்டு வணங்கிய தாய்” என்று ஆரம்பிப்பார்கள். 2001-இல் ஸ்திரீ சக்தி விருது வழங்கியபோது அது நடந்தது உண்மைதான். ஆனால் அந்த வரியில் எழுவாய் வாஜ்பாய். கூட்டத்தில் ஒரு பக்கம் அவருடைய கட்சிக்காகக் கை தட்டும், இன்னொரு பக்கம் கையைக் கட்டிக்கொண்டு உட்காரும், அந்த அம்மா செய்த வேலை யார் காதிலும் விழாது.

அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “கூலிக்கு வயல் வேலை செய்த பெண்களைச் சேர்த்து, சிறுகச் சிறுகச் சேமிக்க வைத்து, களஞ்சியம் குழுக்களை வளர்த்தவர். ஸ்திரீ சக்தி விருதும் 2019-இல் பத்மஸ்ரீயும் பெற்றவர்.” விருதின் பெயரும் ஆண்டும் போதும், கொடுத்தவர் பெயர் வேண்டாம். கால் தொட்ட கதையை அவரே சொன்னால் சொல்லட்டும், அது அவருடைய கதை. நீங்கள் எழுதியதில் ஒவ்வொரு வரிக்கும் எழுவாய் விருந்தினர்தானா என்று பாருங்கள், அரசியல் பெரும்பாலும் அதிலேயே உதிர்ந்துவிடும்.

சாதியும் மதமும் பாராட்டு வேஷத்தில் வரும். “மீனாட்சியே நேரில் வந்தது போல” என்பது மதுரையில் வாயில் தானாக வரும், எழுதினால் அடித்துவிடுங்கள். “இன்ன சமுதாயத்தில் பிறந்து இவ்வளவு உயர்ந்தவர்” என்பது நல்லெண்ணத்தோடு சொன்னாலும் மேடையில் ஒருவரின் பிறப்பை அறிவிப்பதுதான். “எங்கள் மண்ணின் சிங்கம்” மாதிரி வரிகளை நம் பக்கத்தில் எந்தச் சாதிக்கான அடைமொழி என்று கேட்பவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். பெயருக்குப் பின்னால் அவர் போடாத பட்டத்தை நீங்கள் ஒட்டாதீர்கள். அழைப்பிதழ் அச்சாகும்போதே இதைப் பாருங்கள், அங்கே போன பிழை மேடைக்கும் வந்துவிடும்.

ஒன்றில் மட்டும் கவனம். வருகிறவர் தீண்டாமையை எதிர்த்துப் போராடியவர் என்றால் அதை மறைப்பது நடுநிலை ஆகாது, பொய்யாகிவிடும். “இரட்டைக் குவளைக்கு எதிராகப் போராடியவர்” என்று வேலையைச் சொல்லுங்கள், அவர் பிறந்த சாதியைச் சொல்ல வேண்டியதில்லை. சட்டமன்ற உறுப்பினர் என்றால் தொகுதியையும் கட்சியையும் ஒரே ஒரு தடவை, அடைமொழி இல்லாமல் சொல்லுங்கள், அவர் வகிக்கும் பொறுப்பு அது.

அப்புறம், இரண்டு நிமிஷத்துக்கு மேல் போகாதீர்கள், எழுதியதைக் காகிதத்தைப் பார்த்தே வாசியுங்கள். முந்தின நாள் விருந்தினரிடம் போனில் படித்துக் காட்டி, “இதில் எதாவது எடுக்கணுமா?” என்று கேட்டுவிடுங்கள்.