சாம்பாரில் இருக்கும் புரதம் கணக்கில் சேருமா?

கேள்வி: எனக்கு வயது 34, எடை 60 கிலோ. முட்டை, அசைவம் கிடையாது. காலையில் நாலு இட்லி, மதியம் சாதம், சாம்பார், ரசம், தயிர், இரவு மூன்று சப்பாத்தி, உருளைக்கிழங்கு குருமா. இரண்டு வேளை காபி. ஜிம்முக்குப் போகும் என் தம்பி (தினமும் இரண்டு பச்சை முட்டை குடிப்பான்), "பருப்பில் இருப்பது அரைகுறைப் புரதம். அரிசியோடு ஒரே வேளையில் சேர்த்துச் சாப்பிட்டால்தான் உடம்பில் ஒட்டும்" என்கிறான். உண்மையா?

பதில்: தம்பி சொல்வது பாதி சரி. அரிசிக்கும் பருப்புக்கும் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும் குணம் உண்டு. ஒரே வேளையில்தான் சேர வேண்டும் என்பது சரியில்லை. ஆனால் உங்கள் தட்டில் உள்ள சிக்கல் இது இரண்டுமே இல்லை. பருப்பு குறைவாக இருக்கிறது, அவ்வளவுதான்.

"அரைகுறை" என்ற சொல்லே பலரைக் குழப்புகிறது. உடம்பால் தயாரிக்க முடியாத ஒன்பது அமினோ அமிலங்களை உணவிலிருந்துதான் பெற வேண்டும். அரிசியிலும் பருப்பிலும் ஒன்பதும் இருக்கின்றன, விகிதம்தான் வேறு. நம் சாப்பாட்டில் முதலில் தட்டுப்படுவது லைசின் என்ற அமிலம். ஒரு கிராம் அரிசிப் புரதத்தில் அது சுமார் 37 மில்லிகிராம். பருப்பில் 65, முட்டையில் 70, பாலில் 78 என்ற அளவில் இருக்கும். பருப்பில் குறைவது மெத்தியோனின் போன்ற கந்தகம் கலந்த அமிலங்கள். அவை அரிசியில் தாராளம். சாதமும் சாம்பாரும் ஜோடியானது இதனால்தான் பொருந்துகிறது.

அடுத்து, செரிமானம். முட்டை, பால் புரதத்தில் 90 சதவீதத்துக்கு மேல் உடம்பில் சேர்ந்துவிடும். அரிசியில் ஏறக்குறைய 80. பருப்பு, பயறு வகைகளில் 60-லிருந்து 75 வரை. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் பாசிப்பயறை மனிதர்களுக்கே கொடுத்து அளந்தபோது 60-ஐ ஒட்டித்தான் வந்தது. தோல் நீக்கிய பயறில் 70-ஐத் தொட்டது. தோலில் இருக்கும் டானினும், புரதத்தைச் செரிக்கும் நொதியைத் தடுக்கும் பொருள்களும், செல் சுவருக்குள் புரதம் அடைபட்டிருப்பதும் இதற்குக் காரணம்.

இப்போது உங்கள் ஒரு நாள் சாப்பாட்டைக் கணக்கிடுவோம். நீங்கள் எழுதிய அளவுகளை வைத்துத் தோராயமாகத்தான். 60 கிலோ எடைக்குச் சராசரித் தேவை, கிலோவுக்கு 30 மில்லிகிராம் வீதம், 1800 மில்லிகிராம் லைசின். பாதுகாப்புக்கு 2200 என்று வைத்துக்கொள்ளலாம். இட்லி அரிசி, மதியச் சாதம், மூன்று சப்பாத்தி எல்லாம் சேர்ந்து, செரிமானம் போக, சுமார் 590 தரும். இட்லியின் உளுந்தும் சாம்பாரின் துவரம்பருப்பும் 370. நாலு பேருக்கு நூறு கிராம் பருப்பு வேகவைக்கிற வீட்டில் ஒருவர் தட்டுக்கு வருவது 25 கிராம்தான். சாம்பார் எவ்வளவு ஊற்றினாலும் அதில் பாதிக்கு மேல் தண்ணீரும் காயும் தானே! காபிப் பாலும் மதியத் தயிரும் சேர்ந்து 200 கிராம் என்று எடுத்தால் 475 வந்துவிடுகிறது. காய்கறி, தேங்காய்க்கு நூறு சேர்த்தாலும் மொத்தம் 1550-ஐத் தாண்டாது. மொத்தப் புரதமும் 40 கிராமை ஒட்டித்தான் நிற்கிறது. நல்ல தரமான புரதமாக இருந்தாலே உங்களுக்கு 50 கிராம் வேண்டும்.

இதில் இரவுச் சப்பாத்தியைக் கொஞ்சம் கவனியுங்கள். "சாதத்தைவிடச் சப்பாத்தியில் புரதம் அதிகம்" என்று மாற்றிக்கொண்டவர்கள் நிறைய. கிராம் கணக்கில் அது உண்மை. ஆனால் கோதுமைப் புரதத்தில் லைசின் அரிசியைவிடவும் குறைவு, கிராமுக்கு 27 அளவில்தான். 100 கிராம் கோதுமையும் 100 கிராம் அரிசியும் ஏறக்குறைய ஒரே அளவு லைசினைத்தான் தரும். கூட வரும் உருளைக்கிழங்கு குருமா அந்தக் குறையை நிரப்பாது. வேர்க்கடலைச் சட்னியும் பெரிதாக உதவாது. வேர்க்கடலை எண்ணெய் வித்து, லைசின் அதிலும் குறைவு. பொட்டுக்கடலைச் சட்னி என்றால் சரி.

மாற்ற வேண்டியது இரண்டே இரண்டு. குருமாவுக்குப் பதில் இரவில் 30 கிராம் பாசிப்பருப்பில் கெட்டியான பருப்புக் கூட்டு. மாலையில் 40 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் (வேகவைப்பதற்கு முன் எடை). இந்த இரண்டும் 650 மில்லிகிராம் லைசின் சேர்க்கும். மொத்தம் 2200-ஐத் தொட்டுவிடும், புரதம் 55 கிராம் ஆகிவிடும். கடலை ஒத்துக்கொள்ளாத நாளில் கூடுதலாக 150 கிராம் தயிர் போதும். ஒப்பிட்டுச் சொன்னால், ஒரு முட்டை தருகிற லைசினுக்குச் சுமார் 40 கிராம் பருப்பு வேண்டும். கொஞ்சம் அதிகம்தான், ஆனால் முடியாத அளவு இல்லை.

அந்தச் சுண்டலை அரிசியோடுதான் சாப்பிட வேண்டுமா? வேண்டாம். லைசின் உள்ளிட்ட அமிலங்கள் ரத்தத்திலும் தசையிலும் சில மணி நேரம் தங்கியிருந்து, அடுத்த வேளையில் வருவதோடு சேர்ந்துகொள்ளும். மதியம் சாதம், மாலையில் சுண்டல் என்பது பெரியவர்களுக்குப் போதும். ஒரே தட்டில் சேர வேண்டும் என்ற கருத்து 1971-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு புத்தகத்தால் பரவியது. எழுதியவரே பத்து வருடம் கழித்து அதைத் திருத்திக்கொண்டார். கைக்குழந்தைகள் விஷயம் வேறு. சின்ன வயிறு என்பதால் ஒவ்வொரு வேளைக் கஞ்சியிலும் பருப்பு சேர்ந்திருப்பது நல்லது.

கடலையை எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குக்கரில் வையுங்கள். வெந்ததா என்று விசில் எண்ணி முடிவு செய்யாதீர்கள். இரண்டு விரலால் நசுக்கும்போது நடுவில் மாவுக் கட்டியோ கடினமான கருவோ தென்பட்டால் இன்னும் வேக வேண்டும். பழைய கடலை எவ்வளவு வைத்தாலும் அப்படியே நிற்கும், அதைத் தவிருங்கள். முளைகட்டிய பயறையும் பச்சையாகச் சாப்பிடாமல் ஆவியில் வேகவைத்துக்கொள்ளுங்கள். முளைப்பதால் மட்டும் நொதியைத் தடுக்கும் பொருள் முழுதும் போய்விடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர் யாராவது வீட்டில் இருந்தால் இந்த அளவுகள் அவருக்குப் பொருந்தா, மருத்துவரைக் கேளுங்கள்.

அப்புறம், தம்பியின் பச்சை முட்டை. வெந்த முட்டைப் புரதத்தில் 90 சதவீதம் சேர்ந்தால், பச்சையில் பாதிதான் சேர்கிறது என்று 1998-ல் பெல்ஜியத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். இரண்டு முட்டை குடிக்கிறவருக்கு ஏறக்குறைய ஒரு முட்டைக்கான பலன். அவித்துச் சாப்பிடச் சொல்லுங்கள்.