எட்டு பிக்சல் சொல்லும் கதை: கொசைனா, ஃபூரியேவா?

கேள்வி: படத்தை 8×8 பிளாக்குகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் fft என்ற ஃபூரியே உருமாற்றம் எடுத்து, சிறிய எண்களை எல்லாம் பூஜ்யமாக்கிவிட்டுத் திரும்பக் கட்டினால் பிளாக்குகளின் ஓரம் பாழாகிறது. அதே இடத்தில் dct என்ற கொசைன் உருமாற்றம் போட்டால் படம் நன்றாக வருகிறது. இரண்டும் அலைகளாகத்தானே பிரிக்கின்றன? ஃபூரியே கலப்பெண்களைத் தருவதால் இரண்டு மடங்கு இடம் பிடிக்கிறது, அதுதான் காரணமா?

பதில்: கலப்பெண் காரணமில்லை. எட்டு மெய்யெண்களுக்கு fft எடுத்தால் எட்டு கலப்பெண்கள் வரும் என்பது உண்மைதான். ஆனால் பின்பாதி எண்கள் முன்பாதியின் இணையெண்கள். புதிதாக எதையும் அவை சொல்வதில்லை. ஆக, சேமிக்க வேண்டியது எட்டே மெய்யெண்கள்தான். காரணம் நீங்கள் கண்ட இடத்திலேயே, பிளாக்கின் ஓரத்தில் இருக்கிறது.

ஒரு வரிசையை மட்டும் எடுத்துக்கொள்வோம். இடமிருந்து வலமாகச் சீராக வெளிச்சம் கூடும் எட்டு பிக்சல்கள்: 10, 20, 30, 40, 50, 60, 70, 80. படங்களில் மிகச் சாதாரணமாக வரும் அமைப்பு இது.

```python
import numpy as np
from scipy.fft import fft, dct

x = np.arange(10, 81, 10.0)
print(np.round(np.abs(fft(x, norm="ortho")), 1))
print(np.round(dct(x, norm="ortho"), 1))
```

ஃபூரியே தரும் அளவுகள்: 127.3, 37.0, 20.0, 15.3, 14.1, பிறகு அதே எண்கள் தலைகீழாக. கொசைன் தருபவை: 127.3, −64.4, 0, −6.7, 0, −2.0, 0, −0.5. முதல் எண் இரண்டிலும் ஒன்றே. அது சராசரி வெளிச்சம். அதை ஒதுக்கிவிட்டு மற்றவற்றைப் பாருங்கள். கொசைனில் −64.4 என்ற ஒரே குணகம், சராசரி போக மிஞ்சும் ஆற்றலில், அதாவது குணகங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் வருவதில், 98.8 சதவீதத்தைச் சுமக்கிறது. ஃபூரியேயில் முதல் அலைக்கு இரண்டு மெய்யெண்கள் செலவாகின்றன, கிடைப்பதோ 65 சதவீதம்தான். மீதி ஆற்றல் கடைசி அதிர்வெண் வரை சிதறிக் கிடக்கிறது.

இவ்வளவு சீரான ஏற்றத்தில் வேகமான அலைகள் எங்கிருந்து வந்தன? பிக்சல்களில் அவை இல்லை. தனித்த ஃபூரியே உருமாற்றம் எந்தத் தொடரையும் வட்டமாகத்தான் பார்க்கும். எட்டாவது பிக்சலுக்கு அடுத்தது மறுபடியும் முதல் பிக்சல் என்பது அதன் கணக்கு. அப்படிப் பார்த்தால் 80-க்குப் பக்கத்தில் 10 வந்து நிற்கிறது. உங்கள் படத்தில் இல்லாத ஒரு செங்குத்தான வீழ்ச்சி அங்கே உருவாகிவிட்டது. செங்குத்தான வீழ்ச்சியைக் கட்ட எல்லா அதிர்வெண்களும் வேண்டும். சிறியவை என்று நீங்கள் பூஜ்யமாக்கிய எண்கள் அந்த வீழ்ச்சியைத்தான் தாங்கிக்கொண்டிருந்தன.

கொசைன் உருமாற்றம் (ஜேபெக்கில் உள்ள இரண்டாம் வகையைச் சொல்கிறேன்) தொடரை அப்படி வளைப்பதில்லை, கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி ஒட்டுகிறது: 10, 20, … 70, 80, 80, 70, … 20, 10. இந்தப் பதினாறு எண்களுக்கு ஃபூரியே எடுத்து, அரை பிக்சல் நகர்வைச் சரிசெய்தால் வருவது, வெறும் அளவுக் காரணி நீங்கலாக, கொசைன் உருமாற்றமேதான். இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் சைன் பகுதி முழுக்க அடிபட்டுப் போகிறது. அதனால் பதினாறுக்கு எட்டு மெய்யெண்களே போதும். முக்கியமானது, 80-க்கு அடுத்து 80, 10-க்கு அடுத்து 10. குதிப்பு எங்கேயும் இல்லை, சரிவு திசைமாறும் முனை மட்டும்தான் இருக்கிறது. குதிப்பு இருந்தால் குணகங்கள் ஏறக்குறைய 1/k என்று மெதுவாகக் குறையும், முனை மட்டும் என்றால் 1/k² என்று வேகமாகச் சரியும். மேலே உள்ள எண்களிலேயே இது தெரிகிறது.

இதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. நீளம் இரட்டிப்பானதால் கொசைனின் முதல் அலை பிளாக்குக்குள் அரைச் சுற்றுதான் போகிறது, ஒரு முனையில் தாழ்ந்து மறுமுனையில் உயர்ந்து நிற்க அதனால் முடியும். ஃபூரியேயின் மிக மெதுவான அலைகூட ஒரு முழுச் சுற்று போய், கிளம்பிய இடத்துக்கே திரும்பியாக வேண்டும். ஏற்றமாகப் போகும் பிளாக்குக்கு அது பொருந்தவே பொருந்தாது.

சராசரியையும் முதல் அலையையும் மட்டும் வைத்துக்கொண்டு திரும்பக் கட்டிப் பாருங்கள். கொசைன், இரண்டு எண்களோடு, 13, 18, 27, 39, 51, 63, 72, 77 என்று தருகிறது. ஃபூரியே, மூன்று எண்களோடு, 35, 21, 21, 35, 55, 69, 69, 55 என்கிறது. 10 இருக்க வேண்டிய இடத்தில் 35, 80 இருக்க வேண்டிய இடத்தில் 55. இல்லாத அந்த வீழ்ச்சியை வழவழப்பாக்கப் போய், இரண்டு ஓரங்களும் ஒன்றையொன்று நோக்கி இழுபட்டுவிட்டன. பக்கத்து பிளாக்கிலும் இதே நடக்கும்போது நடுவில் கோடு தெரியாமல் என்ன செய்யும்?

இதுதான் காரணமா என்று உங்கள் கணினியிலேயே சரிபார்க்கலாம். இரண்டு ஓரமும் சமமாக இருக்கும் வரிசையைக் கொடுங்கள்: 10, 30, 50, 70, 70, 50, 30, 10. வட்டமாக வளைத்தாலும் இதில் குதிப்பு இல்லை. இப்போது கொசைனில் ஒரு குணகமும் ஃபூரியேயில் ஓர் அலையும், சராசரி போக மிஞ்சியதில் ஏறத்தாழ 99.5 சதவீதம் பிடிக்கின்றன. வித்தியாசம் போய்விட்டது.

ஒப்பிடும்போது இரண்டு இடங்களில் ஏமாறலாம். ஒன்று, `norm="ortho"` போட மறப்பது. அது இல்லாமல் வரும் கொசைன் எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் ஆற்றல் கணக்கு ஒத்துவராது. இன்னொன்று, சராசரியையும் சேர்த்துச் சதவீதம் போடுவது. மேலே உள்ள ஏற்றத்தில் அப்படிச் செய்தால் ஃபூரியேக்கே கிட்டத்தட்ட 93 சதவீதம் வந்துவிடும். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் 10 என்ற பிக்சல் 35 ஆகிவிட்டது அதில் தெரியாது. அப்புறம், 8×8 பிளாக்குக்கு `dct` என்பதை ஒருமுறை அழைத்தால் அது கடைசி அச்சில் மட்டுமே வேலை செய்யும். `dctn` பயன்படுத்துங்கள்.

கொசைன் உருமாற்றத்தை அகமது, நடராஜன், ராவ் மூவரும் 1974-ல் வெளியிட்டார்கள். பக்கத்துப் பக்கத்து மதிப்புகள் நெருங்கிய ஒற்றுமை கொண்ட தரவுக்கு, ஆற்றலை ஒரு சில எண்களில் குவிப்பதில் கோட்பாட்டளவில் சிறந்ததான கர்ஹுனன்-லோவ உருமாற்றத்தை அது மிக நெருங்கி வருகிறது என்று காட்டினார்கள். அந்த உருமாற்றத்தைத் தரவைப் பார்த்துத்தான் கட்ட முடியும், கொசைனுக்கு அந்தச் செலவில்லை.

ஆனால் அந்த ஒற்றுமை இருக்கும்வரைதான் இந்தக் குவிப்பு. கறுப்பு எழுத்தின் விளிம்பு பிளாக்கின் நடுவே வெட்டிப் போனால் குதிப்பு படத்திலேயே இருக்கிறது, கண்ணாடிப் பிரதி அதைப் போக்காது. குணகங்கள் பரவும், வெட்டினால் எழுத்தைச் சுற்றி அலையலையாகத் தடம் விழும். வெறும் இரைச்சலையோ எந்த உருமாற்றமும் குவிக்காது. முழுச் சுற்றுகளாகச் சரியாக முடியும் ஒரு சைன் அலையைக் கொடுத்தால் நிலைமை தலைகீழ்: ஃபூரியே அதை ஒரே அதிர்வெண்ணில் வைத்துவிடும், கொசைன் பல குணகங்களில் சிந்தும். வடிகட்டும் வேலைக்கும், அலையின் கட்டம் எவ்வளவு நகர்ந்தது என்று அளப்பதற்கும் fft-யை விட்டுவிடாதீர்கள்.