60,000 ரூபா செலவழித்து 320 ரூபாவா?

"கல்முனையில் இருக்கிறேன். கடனட்டையில் 3,400 புள்ளி, அடுத்த மாதம் காலாவதி. 4,000 ஆனால் 1,000 ரூபா வவுச்சர். இல்லாவிட்டால் புள்ளிக்கு 20 சதப்படி பில்லில் கழிப்பார்களாம். 100 ரூபாவுக்கு ஒரு புள்ளி. 60,000க்கு வோஷிங் மெஷின் வாங்கட்டா?"

வேண்டாம் தம்பி. இப்போதே பில்லில் கழித்தால் 680 ரூபா கிடைக்கும். ஆக, மெஷின் வாங்குவதால் கூடுதலாக வருவது 320 ரூபாதான், முழு ஆயிரமும் இல்லை. அந்த 60,000ஐ கெடு நாளுக்குள் முழுதாகக் கட்டாவிட்டால், வருட வட்டி 26 வீதம் என்று வைத்தாலும் ஒரு மாதத்துக்கே 1,300 ரூபா போய்விடும்.

மெஷின் எப்படியும் தேவை, காசும் கையில் இருக்கிறது என்றால் அது வேறு கதை. அப்போதும் கடையில் காசு விலையையும் கார்ட் விலையையும் தனித்தனியாகக் கேளுங்கள். கார்டுக்கு 3 வீதம் கூட்டினால் 1,800 ரூபா மேலதிகம். அப்புறம், புதிய புள்ளிகள் பெரும்பாலும் உடனே ஏறாது. பழையவை காலாவதியாகுமுன் ஏறுமா என்று வங்கியிடம் கேட்டுவிடுங்கள்.

680ஐயே எடுங்கள். ஆனால் பில்லில் கழியும் அந்தத் தொகையைப் பல வங்கிகள் மாதக் குறைந்தபட்சக் கட்டணமாகக் கணக்கெடுப்பதில்லை. அதைத் தனியாகக் கட்டுங்கள்.