'ஐ ஹேவ் வென்ட்' – 'வென்ட்'டை மாற்றுவதா, 'ஹேவ்'வை நீக்குவதா? ஆங்கில வினை வடிவங்கள் குறித்த கேள்வி பதில்

மதுரையிலிருந்து, வேலைக்கு விண்ணப்பிக்கும் பட்டதாரி: 'ஐ ஹேவ் வென்ட் டு பெங்களூர் லாஸ்ட் இயர்' என்று எழுதினேன், தவறு என்றார்கள். 'ஐ ஹேவ் கான்' என்று மாற்றினேன், அதுவும் தவறாம். எதுதான் சரி?

'ஐ வென்ட் டு பெங்களூர் லாஸ்ட் இயர்' என்பதே சரி. 'வென்ட்' இருந்த இடத்திலேயே இருக்கட்டும், 'ஹேவ்'வை எடுத்துவிடுங்கள். 'லாஸ்ட் இயர்', 'யெஸ்டர்டே', 'இன் 2019', 'டூ டேஸ் எகோ' என முடிந்துபோன ஒரு காலத்தைச் சுட்டும் சொல் வாக்கியத்தில் இருந்தால் அங்கே 'ஹேவ்' வராது. பெரும்பாலான இலக்கணப் பயிற்சிகளில் 'ஹேவ் வென்ட்' என்றால் 'ஹேவ் கான்' என்று திருத்து என ஒரே மருந்தைத்தான் கொடுக்கிறார்கள். அது பாதி வாக்கியங்களுக்குத்தான் பொருந்தும்.

எப்போது என்று சொல்லாமல், போன அனுபவம் உண்டு என்று மட்டும் சொல்ல வந்தால் 'ஹேவ்' வேண்டும். ஆனால் அப்போதும் உங்களுக்குத் தேவையான சொல் பெரும்பாலும் 'கான்' ஆக இராது. போய்த் திரும்பிவிட்டவர் 'ஐ ஹேவ் பீன் டு பெங்களூர் த்ரீ டைம்ஸ்' என்பார். 'மை பிரதர் ஹேஸ் கான் டு பெங்களூர்' என்றால் தம்பி இன்னும் அங்கேதான் இருக்கிறான் என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். தமிழில் 'போயிருக்கிறான்' என்ற ஒரே சொல் இரண்டு பொருளையும் தாங்கிவிடுவதால் நமக்கு இந்த வேறுபாடு எளிதில் கண்ணில் படுவதில்லை. எனவே முதலில் காலச்சொல் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் 'ஹேவ்'வை நீக்குங்கள். இல்லையென்றால் மட்டுமே வினையின் மூன்றாம் வடிவத்தைத் தேடுங்கள்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்: 'ரோட்' என்பதும் இறந்த காலம்தானே? பிறகு 'ஷி ஹேஸ் ரோட்' என்பதில் என்ன குற்றம்?

'எழுதினாள்' என்பதும் இறந்த காலம்தான். ஆனாலும் 'எழுதினாள் இருக்கிறாள்' என்று தமிழ் பேசும் எவரும் சொல்வதில்லை, 'எழுதியிருக்கிறாள்' என்றுதான் சொல்கிறோம். 'எழுதினாள்' தானே நின்று வாக்கியத்தை முடித்துவிடும் முற்று. பின்னால் இன்னொரு வினை வரும்போது முற்றை வைக்காமல் 'எழுதி' என்ற எச்சத்தை வைக்கிறோம். ஆங்கிலத்தில் 'ரோட்' முற்றைப் போன்றது, 'ரிட்டன்' ஏறக்குறைய எச்சத்தைப் போன்றது. ஆகவே 'ஷி ரோட்' அல்லது 'ஷி ஹேஸ் ரிட்டன்'. ஒப்புமை இதற்கு மேல் செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'ரிட்டன்' என்ற அதே வடிவம் 'எழுதப்பட்ட' என்ற பொருளிலும் வரும், நம் 'எழுதி'க்கு அந்த வேலை இல்லை.

குழப்பத்திற்குக் காரணம், ஆங்கில வினைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இரண்டாம் வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்றாக இருப்பதுதான். 'வாக்ட்' எங்கும் 'வாக்ட்'தான். 'டாட்', 'பாட்', 'பிராட்', 'காட்' என்று முடிபவையும் அப்படியே. அவற்றில் இந்தப் பிழையைச் செய்யவே முடியாது. இரண்டும் வேறுபடும் வினைகளில்தான் சறுக்கல் நேர்கிறது. அன்றாடம் புழங்குபவை என்று பார்த்தால் கோ, டூ, சீ, ரைட், டேக், கிவ், ஈட், ஸ்பீக், பிரேக், டிரிங்க், பிகின், கம் போன்ற ஒரு சிறு கூட்டம்தான்.

மூன்றாம் வடிவம் ஐயமாக இருந்தால் அதை ஒரு பெயருக்கு முன்னால் வைத்துப் பாருங்கள். தெருவுக்குத் தெரு 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' வகுப்பு நடக்கிறது, 'ஸ்போக் இங்கிலீஷ்' என்று எந்தப் பலகையிலும் இல்லை. 'ரிட்டன் டெஸ்ட்' எழுதுகிறோம். அடையாற்றின் முகத்துவாரத்தில் இடிந்து நிற்பதைச் சென்னைக்காரர்கள் 'புரோக்கன் பிரிட்ஜ்' என்கிறார்கள். போக்குவரத்துக் காவலர் போடும் வழக்கு 'டிரங்க் அண்ட் டிரைவ்'. ஸ்போக்கன், ரிட்டன், புரோக்கன், டிரங்க் ஆகிய நான்கும் மூன்றாம் வடிவங்கள்தாம். அப்படியே எடுத்து 'ஹேஸ்' என்பதன் பின்னால் வைக்கலாம். 'கான்', 'கம்' போன்றவற்றுக்கு இந்தச் சோதனை உதவாது, அவற்றை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்.

திருநெல்வேலியிலிருந்து: நான் 'ஹேவ்' பக்கமே போவதில்லை. 'ஐ டிட் நாட் வென்ட்' என்றுதான் எழுதுவேன். ஆகவே இந்தச் சிக்கல் எனக்கு இல்லை என்று நினைக்கிறேன்.

சிக்கல் வேறு வாசல் வழியாக வந்திருக்கிறது. 'டிட்' ஏற்கெனவே இறந்த காலத்தைச் சுமந்துவிட்டது. அதன் பின்னால் வினை அதன் முதல் வடிவத்தில்தான் நிற்கும். 'ஐ டிட் நாட் கோ' என்று எழுதுங்கள். கேள்வியிலும் அவ்வாறே, 'டிட் யூ கோ?' என்று வரும்.

ஒரு செவிலியர்: என் ஆசிரியரைப் பற்றி விண்ணப்பத்தில் எழுதியது இது: 'ஹி டீச்ட் மீ ஃபார் டூ இயர்ஸ். ஹி ஹேஸ் ரோட் எ புக். ஐ ஹேவ் டுக் ஹிஸ் அட்வைஸ் இன் 2021.' திருத்தித் தருவீர்களா?

கடைசி வாக்கியத்திலிருந்து தொடங்குகிறேன். அதில் '2021' என்று ஆண்டு இருக்கிறது. எனவே 'ஹேவ்' போகவேண்டும், 'ஐ டுக் ஹிஸ் அட்வைஸ் இன் 2021' என்று ஆகும். இங்கே 'டுக்' என்பதைப் பிழை என்று எண்ணி 'ஐ ஹேவ் டேக்கன்' என்று மாற்றியிருந்தால் ஒரு பிழை போய் இன்னொன்று வந்திருக்கும். இரண்டாம் வாக்கியத்தில் காலச்சொல் எதுவும் இல்லை. அவர் நூலாசிரியர் என்பதுதான் செய்தி, எனவே 'ஹி ஹேஸ் ரிட்டன் எ புக்'.

முதல் வாக்கியத்துக்கு உங்களிடமிருந்து ஒரு தகவல் வேண்டும். 'டீச்' என்பதன் இறந்த காலம் 'டாட்' என்பதில் ஐயமில்லை. 'ஹி டாட் மீ ஃபார் டூ இயர்ஸ்' என்றால் இரண்டு ஆண்டுகள் கற்பித்தார், அது முடிந்துவிட்டது. 'ஹி ஹேஸ் டாட் மீ ஃபார் டூ இயர்ஸ்' என்றால் இன்றும் கற்பித்து வருகிறார். படிப்பு முடிந்துவிட்டதால்தான் வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்று கொண்டு முதலாவதைப் பரிந்துரைக்கிறேன்.

மொழி வரலாற்றில் ஆர்வமுள்ள வாசகர்: 'பிரீச்' 'பிரீச்ட்' ஆகிறது, 'ரீச்' 'ரீச்ட்' ஆகிறது. ஒழுங்கற்ற வினைகள் ஒவ்வொன்றாக ஒழுங்காகி வருகின்றன என்றும் படித்தேன். அப்படியானால் 'டீச்ட்' இன்று பிழை, நாளை சரி என்று ஆகிவிடாதா?

நீங்கள் படித்தது உண்மை, அதிலிருந்து வந்தடைந்த முடிவுதான் பொருந்தவில்லை. 'பிரீச்' பிரெஞ்சிலிருந்து பின்னாளில் வந்த சொல், வந்தபோதே பொது விதிக்குள் நுழைந்துவிட்டது. 'ரீச்' பழைய ஆங்கிலச் சொல். அதற்கு ஒரு காலத்தில் 'டாட்' போலவே 'ராட்' என்ற வடிவம் இருந்து வழக்கொழிந்தது. 'ஹெல்ப்' என்பதற்கும் 'ஹோல்பன்' என்ற மூன்றாம் வடிவம் இருந்தது. 1611-இல் வெளியான ஆங்கில விவிலியத்தில் அதைக் காணலாம்.

ஆனால் எல்லா வினைகளும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. 2007-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வொன்று பழைய ஆங்கிலத்தின் 177 ஒழுங்கற்ற வினைகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் 98 மட்டுமே இன்றும் அப்படி நீடிப்பதைக் காட்டியது. எந்த வினை அடிக்கடி வாயில் புரள்கிறதோ அது பழைய வடிவத்தைக் காத்துக்கொள்கிறது. நூறு மடங்கு குறைவாகப் புழங்கும் வினை பத்து மடங்கு வேகமாக ஒழுங்காகிறது என்பது அவர்கள் கண்ட கணக்கு. 'டீச்' நாள்தோறும் புழங்கும் சொல். நம் ஆயுளில் 'டீச்ட்' ஏற்புடையதாகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

டொராண்டோவில் வாழும் ஒரு தாய்: என் நான்கு வயது மகள் முன்பு 'வென்ட்' என்று சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது 'கோ-எட்' என்கிறாள், 'கம்ட்' என்கிறாள். தமிழும் ஆங்கிலமும் கலந்ததால் பின்னடைவோ என்று அச்சமாக இருக்கிறது.

ஆங்கிலம் மட்டுமே பேசும் வீட்டுக் குழந்தைகளும் இப்படியே பேசுகிறார்கள். முதலில் 'வென்ட்' என்பதைத் தனிச் சொல்லாகக் கேட்டுச் சொல்லியிருப்பாள். இப்போது இறந்த காலத்திற்கு ஒரு விதி இருப்பதைக் கண்டுகொண்டு, அதை எல்லா வினைகளிலும் போட்டுப் பார்க்கிறாள். 1958-இல் ஜீன் பெர்கோ என்னும் ஆய்வாளர், எந்த மொழியிலும் இல்லாத புனைசொற்களைக் குழந்தைகளிடம் கொடுத்தபோது, அவர்கள் அவற்றையும் விதிப்படி மாற்றிச் சொன்னார்கள். 'கோ-எட்' என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தந்திருக்க முடியாது, அவளே ஆக்கிய வடிவம் அது. அவள் சொன்னதும் 'ஓ, ஷி வென்ட் டு த பார்க்?' என்று சரியான வடிவத்தில் நீங்கள் திருப்பிச் சொன்னாலே போதும்.

மென்பொருள் பணியாளர்: எங்கள் குழுவில் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் இருக்கிறார். அவரே 'ஐ ஹேவ் வென்ட்' என்கிறார். தாய்மொழியாகப் பேசுபவர் சொல்வதை நாம் எப்படித் தவறு என்பது?

அவர் பேச்சில் அது தவறன்று. ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவின் சில பகுதிகளிலும் 'ஹேவ் வென்ட்', 'ஐ சீன்', 'ஐ டன்' ஆகியவை வட்டார வழக்குகள். நம் வட்டாரப் பேச்சு அப்படியே தேர்வுத்தாளில் ஏறுவதில்லை அல்லவா, அவரும் அலுவலக அறிக்கையில் பெரும்பாலும் 'ஹேவ் கான்' என்றுதான் எழுதுவார். கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், எழுதும்போது பொது வழக்கைக் கைக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்: மூன்று வடிவங்களையும் அகரவரிசையில் ஒப்பிக்கச் செய்தே பல்லாண்டுகள் கற்பித்தேன். 'சிங், சாங், சங்' என்று ஓசைப்படி பிரித்துக் கற்பிப்பதே சிறந்தது என்கிறார்கள் இக்காலத்தவர். அதில் ஒரு தீங்கும் உண்டு, ஐயா. 'பிரிங்' என்றால் 'பிராங்' என்று மாணவர் எழுதிவிடுகிறார்.

தாங்கள் சொல்வது உண்மை. 'சிங்', 'ரிங்', 'டிரிங்க்' ஆகியவற்றைப் பார்த்து 'பிரிங்'கையும் அதே அச்சில் வார்த்துவிடுகிறார்கள், ஆனால் அதன் வடிவம் 'பிராட்'. 'திங்க்' என்பதும் அப்படியே ஏமாற்றி 'தாட்' ஆகும். நான் ஓசைக் கூட்டங்களாகத்தான் கற்பிக்கிறேன். எனினும் ஒவ்வொரு கூட்டத்தோடும் அதற்குள் வராத ஒன்றிரண்டைச் சேர்த்தே சொல்லிவிடுவேன். ஒப்பிக்கும் முறையில் மூன்று வடிவங்களும் நாவில் ஏறிவிடுகின்றன, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதைச் சரளமாக ஒப்பிக்கும் மாணவரே அடுத்த நிமிடம் 'ஐ ஹேவ் சா' என்று பேசுவதைத் தாங்களும் கேட்டிருப்பீர்கள். எந்த முறை இந்த இடைவெளியைக் குறைக்கிறது என்பதில் நாம் இருவரும் உடன்படப்போவதில்லை என்றே தோன்றுகிறது.

சேலத்திலிருந்து: 'நேற்று மதுரைக்குப் போயிருந்தேன்' என்பதை 'ஐ ஹேட் கான் டு மதுரை யெஸ்டர்டே' என்று சொல்லலாமா?

வடிவத்தில் பிழையில்லை, இடத்தில்தான் பிழை. கடந்த காலத்தில் நடந்த வேறொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் இது நடந்தது என்று காட்டத்தான் 'ஹேட்' வரும். 'நேற்று நீங்கள் வந்தபோது நான் மதுரைக்குப் போயிருந்தேன்' என்றால் 'ஐ ஹேட் கான் டு மதுரை வென் யூ கேம்' என்பது சரியே. வேறு நிகழ்ச்சி எதுவும் இல்லாதபோது 'ஐ வென்ட் டு மதுரை யெஸ்டர்டே' என்று எழுதுங்கள்.